நிறம் மாற்றிய சேலைப் படத்துக்கு மாற்று உரை எழுதுவது எப்படி?

பார்வையற்றவர்களுக்குக் கைபேசியோ கணினியோ வாசித்துக் காட்டுவதற்காகப் படத்தோடு இணைத்து எழுதும் சிறு விவரிப்புதான் மாற்று உரை. இணையத்தில் துணி விற்பவர்களிடம் அதைப் பற்றிப் பேசினால், பெரும்பாலும் இரண்டு கருத்துகளே வரும். கூகுள் தேடலில் முன்னுக்கு வருவதற்காக எழுதுவது என்பது ஒன்று. படத்தில் தெரிவதை அப்படியே சொற்களில் வர்ணிப்பது என்பது மற்றொன்று. முதல் கருத்து தவறு. இரண்டாவது பாதி சரி என்பதால்தான் அதிகச் சிக்கலை உண்டாக்குகிறது. விற்பனைக்கு வரும் ஆடைப் படங்களில் பெரும்பாலானவை திருத்தப்பட்டவை. பின்னணி மாறியிருக்கும், வெளிச்சம் கூடியிருக்கும், சில நேரம் துணியின் நிறமே வேறாகியிருக்கும். அப்படிப்பட்ட படத்தைப் பார்த்து, கண்ணில் பட்டதை நேர்மையாக எழுதினாலும், பார்வைக் குறைபாடு உள்ள வாடிக்கையாளரின் கைக்குப் போய்ச் சேரும் சேலையும் அவர் காதில் கேட்ட சேலையும் வெவ்வேறாக இருக்க வாய்ப்புண்டு.

இந்தச் சிக்கல் எங்கே பிறக்கிறது, எழுதுபவர் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதை, நம் ஊர்க் கடைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு வழக்கத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். ஒரே நெசவில் பல நிறங்களில் வந்த சேலைகளில் ஒன்றை மட்டும் படமெடுத்து, மற்ற நிறங்களைக் கணினியில் மாற்றிப் போடும் வழக்கம் அது.

## தொலைபேசியில் ஒரு சேலையைச் சொல்வது

வெளியூரில் இருக்கும் அக்காவுக்காக நீங்கள் கடையில் நின்று சேலை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காணொளி அழைப்பு இல்லை, வெறும் குரல்தான். அப்போது நீங்கள் "அழகான சேலை, ரொம்ப ரிச்சா இருக்கு" என்று சொன்னால், அக்கா அடுத்த நொடியே "என்ன கலர்? பார்டர் எவ்வளவு பெருசு? முந்தி எப்படி இருக்கு? ப்ளவுஸ் பிட் எந்தக் கலர்ல வருது?" என்று கேட்பார். ஒரு சேலையை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையான கேள்விகள் இவைதான். கடைச் சுவரின் நிறத்தையோ பொம்மையின் முகத்தையோ அவர் கேட்கமாட்டார்.

இந்த உரையாடலில் இன்னொன்றும் நடக்கிறது. நிறத்தைச் சொல்வதற்கு முன் பழக்கமுள்ளவர்கள் சேலையை ட்யூப்லைட் வெளிச்சத்திலிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே "உள்ளே நீலமாத் தெரிஞ்சது, இது மயில்கழுத்து" என்று உறுதியாகச் சொல்வார்கள். கடையின் விளக்கு காட்டிய நிறத்தை நம்பாமல், துணியின் நிறத்தைத் தேடிப்போய்ச் சொல்கிறார்கள்.

மாற்று உரை எழுதுபவரின் வேலையும் இவ்வளவுதான்: வாங்குபவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, அந்தப் பதிலைத் திரையிலிருந்து எடுக்காமல் துணியிலிருந்து எடுப்பது.

## மாற்று உரை எங்கே இருக்கிறது, யாருக்குக் கேட்கிறது

பார்வையற்றவர்கள் கைபேசியையும் கணினியையும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் உதவியோடு பயன்படுத்துகிறார்கள். திரையில் உள்ள எழுத்துகளைக் குரலாக மாற்றி வாசித்துக் காட்டுவது அதன் வேலை. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர், விண்டோஸ் கணினிகளில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. எழுத்தை வாசிக்கும் இந்த மென்பொருளால் படத்தில் உள்ளதை அதேபோல் நம்பகமாகச் சொல்ல முடியாது. படத்தோடு இணைத்து ஒரு சிறு உரையை நாம் எழுதி வைத்தால் அதை வாசிக்கும். பக்கத்தின் நிரலில் படத்தோடு மறைவாக இணைந்திருக்கும் அந்த உரையே மாற்று உரை. படத்துக்குக் கீழே எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அச்சாகும் வரிகள் படக்குறிப்பு.

நிரலில் இவை இரண்டும் இப்படி நிற்கும்:

```html
<figure lang="ta">
  <img src="IMG_4471_final.jpg" alt="மாற்று உரை இங்கே">
  <figcaption>படக்குறிப்பு இங்கே</figcaption>
</figure>
```

`alt` என்னும் பகுதியே இல்லாமல் விட்டுவிட்டால், பல திரைவாசிப்பான்கள் வேறு வழியின்றிக் கோப்பின் பெயரை வாசிக்கும். சேலை பார்க்க வந்தவரின் காதில் "ஐ எம் ஜி நான்கு நான்கு ஏழு ஒன்று ஃபைனல்" என்று விழும். மாறாக `alt=""` என்று வெறுமையாக எழுதினால், அந்தப் படம் அலங்காரத்துக்கு மட்டும் உள்ளது என்று பொருள்கொண்டு திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். பக்கத்தின் ஓரத்தில் உள்ள கோலத்துக்கு அது பொருத்தம். விற்பனைப் பொருளின் படத்துக்கு அப்படிச் செய்தால், பொருளையே மறைத்ததாகும்.

வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான உலகளாவிய வழிகாட்டியில், 2008-இல் வெளியான இரண்டாம் பதிப்பு முதல், 1.1.1 என்ற எண்ணில் வரும் முதல் விதியே இதைப் பற்றியதுதான். படம் எந்தப் பணியைச் செய்கிறதோ அதே பணியைச் செய்யும் உரை அதற்கு மாற்றாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதில் "பணி" என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தித்தாளில் வரும் சேலைப் படத்தின் பணி வேறு. விற்பனைப் பக்கத்தில் வரும் சேலைப் படத்தின் பணி, வாங்குபவர் முடிவெடுக்க உதவுவது. ஆகவே அதே படமாக இருந்தாலும் உரை வேறாகத்தான் இருக்கும்.

மாற்று உரைக்கும் படக்குறிப்புக்கும் உள்ள மிக முக்கியமான வேறுபாடு, அவற்றை யார் பெறுகிறார்கள் என்பதில் இருக்கிறது. மாற்று உரை திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்கு மட்டுமே கேட்கும். ஆனால் பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பலர் திரைவாசிப்பானே வைத்துக்கொள்வதில்லை. ஓரளவு பார்வை உள்ளவர்கள் படத்தைப் பெரிதாக்கி, கண்ணருகே கொண்டுவந்து பார்க்கிறார்கள். மாற்று உரை என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் வாங்கும் முடிவை மாற்றக்கூடிய எந்தச் செய்தியையும் மாற்று உரைக்குள் மட்டும் வைத்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னது: மாற்று உரை மறைவானது, காதுக்கு மட்டும் போவது, படக்குறிப்பு வெளிப்படையானது, கண்ணுக்கும் காதுக்கும் போவது. பொருள் எப்படி இருக்கிறது என்பதை மாற்று உரையில் எழுதலாம். படம் எங்கே பொருளிலிருந்து விலகுகிறது என்பதைப் படக்குறிப்பில்தான் எழுத வேண்டும்.

## நிறத்தை மாற்றும்போது உண்மையில் என்ன மாறுகிறது

படத் திருத்தங்கள் எல்லாமே விவரிப்பைக் கெடுப்பதில்லை. பின்னணியை வெள்ளையாக்குவது, துணியில் படிந்த தூசியை அழிப்பது, மங்கலான படத்தைச் சற்று வெளிச்சமாக்குவது ஆகியவற்றை வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அதைச் சொன்னால் அவர் நேரம்தான் வீணாகும். துணியின் நிறம், அளவு, உடலில் நிற்கும் விதம், உடன் வரும் பொருள்கள் ஆகியவற்றில் எதையாவது திருத்தம் தொட்டிருந்தால் மட்டுமே அது சொல்ல வேண்டிய திருத்தமாகிறது. அவற்றில் அதிகமாக ஏமாற்றுவது நிறம்தான்.

திருத்தும் மென்பொருள்களில் நிறங்கள் ஒரு வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். சிவப்பிலிருந்து தொடங்கினால் 120 பாகையில் பச்சை, 240 பாகையில் நீலம், 360-இல் மறுபடியும் சிவப்பு. நிறத்தை நகர்த்தும் பட்டியை இழுக்கும்போது, படத்தில் உள்ள எல்லா நிறங்களும் அந்த வட்டத்தில் ஒரே அளவு நகர்கின்றன. இதுதான் பலர் யோசிக்காமல் விடும் இடம். அரக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் கொண்ட ஒரு சேலையின் படத்தை எடுத்து, உடல் பச்சையாக வரும்வரை 120 பாகை நகர்த்தினால், கரையும் கூடவே 120 பாகை நகர்ந்து நீலமாகிவிடும். திரையில் இப்போது பச்சை உடலும் நீலக் கரையும் கொண்ட சேலை நிற்கிறது. ஆனால் நெசவாளர் நெய்து அனுப்பியது பச்சை உடலும் அரக்குக் கரையும் கொண்ட சேலையாக இருக்கலாம். பச்சையும் அரக்கும் கான்ட்ராஸ்ட் பார்டருக்கு நம் ஊரில் வழிவழியாக வரும் இணை. பச்சையும் நீலமும் வேறு ரசனை. வாங்குபவர் எதிர்பார்ப்பது ஒன்று, பெட்டியைத் திறந்தால் கிடைப்பது வேறொன்று.

ஜரிகைக்கும் இதே கதிதான். பொன் நிறம் வட்டத்தில் மஞ்சளுக்குச் சற்று முன்னே இருக்கிறது. அதுவும் 120 பாகை நகர்ந்தால் பச்சை கலந்த நீலமாகிவிடும். அதனால் திருத்துபவர் ஜரிகையையும் மாடலின் தோலையும் தனியே தேர்ந்து, அவை மாறாமல் காத்துக்கொள்வார். அகலமான ஜரிகைப் பட்டையில் இது எளிது. உடலெங்கும் தெளித்த சிறு புட்டாக்களிலும், கரையோரத்தின் மெல்லிய கோட்டிலும், முந்திக் குஞ்சத்திலும் தேர்வு பிசகும். நிறம் மாற்றிய படம்தானா என்று அறிய விரும்புபவர், படத்தைப் பெரிதாக்கி இந்த மூன்று இடங்களையும் மாடலின் விரல் துணியைத் தொடும் விளிம்பையும் பார்க்க வேண்டும். பொன் இழையின் ஓரத்தில் பச்சைச் சாயல் தெரிந்தாலோ, விரல் நுனியில் இயல்பில்லாத நிறம் ஒட்டியிருந்தாலோ, அந்தப் படம் வேறு நிறச் சேலையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நிறத்தையே நகர்த்தாமல், செறிவை மட்டும் கூட்டுவதும் உண்டு. பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறொரு நிறமும் ஓடும் டபுள் ஷேட் சேலைகளை அது பெரிதும் கெடுக்கிறது. மயில்கழுத்து நிறச் சேலை, மடிப்புக்கு மடிப்பு நீலமாகவும் பச்சையாகவும் மாறிமாறித் தெரிவதுதான் அதன் சிறப்பு. கேமரா ஒரு கோணத்தை மட்டும் பிடித்து, திருத்துபவர் செறிவையும் கூட்டிவிட்டால், திரையில் தெரிவது வெறும் அடர்நீலம். படத்தைப் பார்த்து எழுதினால் "நீலச் சேலை" என்றுதான் எழுத முடியும்.

இந்தக் காரணத்தாலேயே, படத்தைப் பார்த்துத் தானாக விவரிப்பு எழுதித்தரும் கைபேசி வசதிகளும் இங்கே உதவுவதில்லை. அவை பார்ப்பதும் திருத்திய படத்தைத்தான்.

## ஒரு சேலையை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்ப்போம்

மேலே சொன்ன பச்சைச் சேலையையே எடுத்துக்கொள்வோம். சாஃப்ட் சில்க் வகை. உடல் கரும்பச்சை, சிறு ஜரிகை புட்டாக்கள். இருபுறமும் 4 அங்குல அரக்குக் கரை, அதில் பொன் ஜரிகைக் கோடுகள். முந்தி அரக்கில் வருகிறது, நெருக்கமான ஜரிகைப் பட்டைகளோடு. ப்ளவுஸ் பிட் சேலையோடு சேர்ந்தே நெய்தது, அரக்கு நிறம், வேலைப்பாடு ஏதும் இல்லை. படத்தில் நிற்பது அரக்கு நிறச் சேலையிலிருந்து மாற்றிய பச்சை. கரையும் முந்தியும் நீலமாகத் தெரிகின்றன. மாடல் பொன்னிற எம்பிராய்டரி செய்த ரவிக்கை அணிந்திருக்கிறார். பின்னணியில் பிறகு ஒட்டிய ஒரு கோயில் மண்டபம்.

இந்தப் படத்துக்குக் கடைகள் வழக்கமாக எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பட்டுச் சேலை, சாஃப்ட் சில்க் சேலை, திருமணச் சேலை, பச்சைப் பட்டு, சிறந்த விலை." இது தேடுபொறிக்கான சொற்குவியல். கேட்பவருக்குத் துணி வகையையும் நிறத்தையும் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

சற்று அக்கறையோடு எழுதுபவர் இப்படி எழுதலாம்: "கோயில் மண்டபத்தில் நிற்கும் பெண், பச்சை உடலும் நீலக் கரையும் கொண்ட சேலை, பொன்னிற எம்பிராய்டரி ரவிக்கை." படத்தை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் வாங்குபவருக்குக் கரையின் நிறமும் தவறு, ரவிக்கையும் தவறு. மண்டபம் தேவையே இல்லை. முன்னதைவிட இது அதிகத் தீங்கு செய்யும், ஏனெனில் கேட்பவர் இதை நம்புவார்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினால், மாற்று உரை இவ்வாறு அமையும்:

"கரும்பச்சை சாஃப்ட் சில்க் சேலை, அணிந்த முன்தோற்றம். இருபுறமும் 4 அங்குல அரக்குக் கரை, கரையில் பொன் ஜரிகைக் கோடுகள். உடலெங்கும் சிறு ஜரிகை புட்டா. அரக்கு முந்தியில் நெருக்கமான ஜரிகைப் பட்டைகள்."

படக்குறிப்பு இவ்வாறு:

"இந்தப் படம் இதே நெசவின் அரக்கு நிறச் சேலையைப் படமெடுத்து நிறம் மாற்றியது. படத்தில் கரையும் முந்தியும் நீலமாகத் தெரிந்தாலும், உங்களுக்கு வரும் சேலையில் அவை அரக்கு நிறம். உடன் வரும் ப்ளவுஸ் பிட் அரக்கு நிறம், வேலைப்பாடு இல்லாதது. மாடல் அணிந்துள்ள எம்பிராய்டரி ரவிக்கை இந்த விலையில் அடங்காது."

மாற்று உரை படத்தை மீறித் துணியைச் சொல்வது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். படக்குறிப்பு இல்லாமல் அப்படிச் செய்தால் அது முறையல்ல. பார்வையற்ற ஒருவர் சில நேரம் வேறொருவரின் கருத்தையும் கேட்டுத்தான் வாங்குவார். வாங்குவதற்கு முன் மகளிடமோ தோழியிடமோ கைபேசியைக் காட்டி ஒரு வார்த்தை கேட்பார். "கரை அரக்குன்னு சொல்லுதே" என்று அவர் சொல்ல, "இல்லம்மா, இங்க நீலமால்ல இருக்கு" என்று மகள் சொன்னால், யாரை நம்புவது என்று அவருக்குத் தெரியாது. படக்குறிப்பு அந்த வேறுபாட்டின் காரணத்தை இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுகிறது. இரண்டு உரைகளையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

திரைவாசிப்பான் மாற்று உரையை வாசித்த கையோடு படக்குறிப்பையும் வாசிக்கும். எனவே ஒன்றில் சொன்னதை மற்றதில் திரும்பச் சொல்ல வேண்டாம். நீளம், எடை, துவைக்கும் முறை போன்றவை பக்கத்தின் பொது விவரங்களில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். மாற்று உரையைக் கேட்பவரால் பத்தி பத்தியாகத் தாவ முடியாது. நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்தே கேட்க வேண்டியிருக்கும். மூன்று, நான்கு சிறு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்வதும், உடல் நிறம் முதலில், கரை அடுத்து, முந்தி கடைசியில் என்று எல்லாச் சேலைகளுக்கும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதும் நல்லது. பத்துச் சேலைகளை ஒப்பிட்டுக் கேட்பவருக்கு அந்த வரிசையே பெரிய உதவி. "படம்" என்றோ "புகைப்படம்" என்றோ தொடங்கவும் தேவையில்லை. அது படம் என்பதைத் திரைவாசிப்பானே அறிவித்துவிடும்.

ஒரே சேலைக்கு ஐந்து படங்கள் இருந்தால், ஐந்துக்கும் இதே உரையை ஒட்டக் கூடாது. முந்தியின் அண்மைப் படத்துக்கு முந்தியை மட்டும் விரிவாகச் சொல்லலாம்: பட்டைகள் எத்தனை, இடையில் அன்னமா மாங்காயா, குஞ்சம் கட்டியிருக்கிறதா என்று.

உண்மையில் இவை எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு, பச்சைச் சேலையையே ஒருமுறை படமெடுத்துவிடுவதுதான். கைபேசியில் எடுத்த சாதாரணப் படமாக இருந்தாலும், நிறம் மாற்றிய அழகான படத்தோடு அதையும் சேர்த்துப் போட்டால், படக்குறிப்பின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

## நிறத்துக்கு என்ன பெயர் சொல்வது

"பார்வையில்லாதவருக்கு நிறத்தைச் சொல்லி என்ன பயன்" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி என்னை வருத்தப்பட வைக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் மிகப் பலர் பிறகு பார்வை இழந்தவர்கள். நிறங்கள் அவர்கள் நினைவில் தெளிவாக இருக்கின்றன. பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கும், வீட்டு விசேஷத்துக்கு எந்த நிறம் பொருந்தும், தன்னிடம் உள்ள எந்த ரவிக்கையோடு எந்தச் சேலை சேரும் என்பதெல்லாம் நன்றாகவே தெரியும். உடை உடுத்தி வெளியே போகிறவருக்கு நிறம் வேண்டும்.

நமக்கு இதில் நல்ல வசதி இருக்கிறது. வாடாமல்லி, மாந்துளிர், கிளிப்பச்சை, வெங்காயத்தோல், காப்பிப்பொடி, கத்திரிப்பூ என்று பொருளைக் கொண்டே நிறத்தைச் சொல்லும் பெயர்கள் துணிக்கடைகளில் இன்றும் புழங்குகின்றன. எம்.எஸ். சுப்புலட்சுமி அணிந்ததால் பெயர்பெற்ற எம்.எஸ். ப்ளூவைச் சொன்னால் மூத்த தலைமுறையில் விளக்கமே தேவைப்படாது. ஆயினும் இளையவர்களில் சிலருக்கு இப்பெயர்கள் பழக்கமில்லை என்பதால், முதல்முறை சொல்லும்போது பொதுப் பெயரையும் சேர்ப்பது நல்லது: "வாடாமல்லி நிறம், ஊதா கலந்த அடர் இளஞ்சிவப்பு" என்பது போல. டபுள் ஷேட் என்றால் இரண்டு நிறங்களையும், அவை எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: "மயில்கழுத்து நிறம், நீலப் பாவும் பச்சை ஊடையும் கலந்து, மடிப்புகளில் நிறம் மாறித் தெரியும்." "ஓஷன் மிஸ்ட்" போன்ற விளம்பரப் பெயர்கள் தலைப்பில் இருந்துவிட்டுப் போகட்டும், மாற்று உரையில் அவை எதையும் தெரிவிப்பதில்லை.

## குர்தியின் இறுக்கமும் படத்துக்குள் எழுதிய எழுத்தும்

தைத்த ஆடைகளில் நிறத்துக்கு அடுத்தபடியாக ஏமாற்றுவது பொருத்தம். குர்தியை மாடலுக்கு அணிவித்து, முதுகுப் பக்கம் தளர்வான துணியைக் கிளிப் போட்டுப் பிடித்து, முன்பக்கம் இடுப்பு ஒட்டி நிற்பதுபோல் படமெடுப்பார்கள். பிறகு கணினியில் இடுப்பை இன்னும் சற்று ஒடுக்குவதும் உண்டு. இதைப் பார்த்து "இடுப்பை ஒட்டிய தையல்" என்று எழுதினால் தவறு. குர்தியைத் தரையில் விரித்துப் பார்த்தால் அது நேர்த்தையலா, இடுப்பில் வளைந்த தையலா என்பது தெரிந்துவிடும். அதையே எழுத வேண்டும். படத்தில் உடல் அளவு திருத்தப்பட்டிருந்தால், மாடலின் உயரத்தையும் அவர் அணிந்த அளவையும் சொல்வதால் பயனில்லை. குர்தியின் மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை உள்ள நீளம் ஆகியவற்றை அளந்து எழுதுவதே கைகொடுக்கும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். "நிறம் சற்று மாறுபடலாம்", "ப்ளவுஸ் மாதிரிக்கு மட்டும்" என்ற எச்சரிக்கைகளைப் பல கடைகள் படத்தின் மேலேயே சிறிய எழுத்தில் அச்சிட்டு விடுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்து படத்தின் ஒரு பகுதிதான்; மாற்று உரையை மட்டும் நம்பி இருப்பவரின் காதுக்கு அது போகாது. அந்த வரிகளைப் படக்குறிப்பில் மறுபடி எழுத வேண்டும். எழுதும்போது "மாறுபடலாம்" என்று பொதுவாக விடாமல் எப்படி மாறும் என்றே எழுதலாம்: "நேரில் இன்னும் சற்று வெளிறிய பச்சை" என்பது போல.

## காதில் சரியாக விழும்படி எழுதுவது

உரை சரியாக இருந்தும் குரல் தவறாக வாசிக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் குறிக்கப்பட்டிருந்தால், திரைவாசிப்பான் தமிழ் வரிகளையும் ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடக்கூடும். அந்தக் குரல் தமிழைத் தாண்டிப் போகும் அல்லது உளறும். மேலே உள்ள நிரலில் `lang="ta"` என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி விட்டாலும் இதே சிக்கல் வரும். தமிழ் வார்த்தையை ஆங்கில உச்சரிப்பில் கேட்டுப் புரிந்துகொள்வது கடினம். அங்குலத்துக்கு இரட்டை மேற்கோள் குறியைப் போடாமல் "அங்குலம்" என்றே எழுத வேண்டும். படக்குறிப்பில் வரிசையாகப் பூக்களையும் நட்சத்திரங்களையும் போட்டால், ஒவ்வொன்றின் பெயரையும் குரல் சொல்லி முடித்த பிறகே சேலையின் விவரம் வரும்.

வாட்ஸ்அப் குழுக்களில் விற்பவர்களும் மறுவிற்பனை செய்பவர்களும் ஒன்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். வலைப்பக்கத்தில் நாம் எழுதும் மாற்று உரை அந்தப் பக்கத்தின் நிரலில் இருக்கிறது, படக் கோப்புக்குள் இல்லை. படத்தை மட்டும் இறக்கி வேறொரு குழுவுக்கு அனுப்பினால் மாற்று உரை கூடவே போகாது. அங்கே துணியின் விவரமும் திருத்தத்தின் விவரமும் ஆகிய இரண்டையும் படத்தோடு ஒட்டிய செய்தியிலேயே எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். இன்ஸ்டாகிராமில் மாற்று உரைக்கெனத் தனி இடம் இருக்கிறது. பதிவிடும்போது கூடுதல் அமைப்புகளுக்குள் தேடினால் கிடைக்கும்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: தமிழ் எழுத்தில், குறியீடுகள் இல்லாமல், முழுச் சொற்களாக எழுதினால் குரல் சரியாக வாசிக்கும். படம் இடம் மாறினால் உரையையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டியது அனுப்புபவரின் பொறுப்பு.

## எழுதியது சரிதானா என்று எப்படி அறிவது

முதல் சோதனை எளிது. கைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல் உங்கள் பக்கத்தைக் கேளுங்கள். கோப்புப் பெயர் வாசிக்கப்படும் இடங்களும், ஒரே உரை ஐந்து முறை திரும்ப வரும் இடங்களும் உடனே அகப்பட்டுவிடும். ஆனால் உரை உண்மையா என்பதை இந்தச் சோதனை காட்டாது.

அதற்கு வேறொரு சோதனை வேண்டும். படத்தைப் பார்த்திராத ஊழியர் ஒருவரிடம் மாற்று உரையையும் படக்குறிப்பையும் மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் முன்னால் அந்தச் சேலையையும், அதே நெசவில் வேறு நிறக் கரை கொண்ட நான்கைந்து சேலைகளையும் மடித்து வையுங்கள். அவர் தயங்காமல் சரியான சேலையை எடுத்தால் உரை போதுமானது. இரண்டு சேலைகளுக்கு நடுவே கை தயங்கினால், அந்த இரண்டையும் பிரிக்கும் விவரம் உரையில் இல்லை என்று பொருள். தவறான சேலையை எடுத்தால், எழுதியவர் எங்கோ திரையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

நிறத்தைத் துணியோடு ஒப்பிடும்போது சேலையைச் சன்னலோரத்தில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் விரிக்க வேண்டும். கைபேசியில் இரவுநேர மஞ்சள் வடிகட்டி இயங்கிக்கொண்டிருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் திரையில் உள்ள எல்லா நிறங்களுமே மஞ்சள் பக்கம் சாய்ந்து தெரியும்.

கடையில் படத்தைத் திருத்துபவர் ஒருவராகவும் உரை எழுதுபவர் இன்னொருவராகவும் இருந்தால், கேமராவின் முன் எந்த நிறச் சேலை நின்றது, எவையெல்லாம் அதிலிருந்து மாற்றப்பட்டவை என்பதைத் திருத்துபவர் சரக்கு எண்ணோடு ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் உரை எழுதுபவரால் ஊகிக்கத்தான் முடியும். பிறகொரு நாள் படத்தை மாற்றினாலோ மறுபடி திருத்தினாலோ, பழைய மாற்று உரை பக்கத்தில் அப்படியே தங்கிவிடும். எந்த மென்பொருளும் அதை நினைவூட்டாது. புதிய படத்தை ஏற்றுபவரே மாற்று உரையையும் படக்குறிப்பையும் சேலையோடு மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பக்கத்தை வெளியிட வேண்டும்.